பாஸ்கரனை யார் கூப்பிட்டாலும் பாஸ்கரன்தான்

"வணக்கம் பாஸ்கரன் சார். நாளைக்குக் காலை பத்தரை மணிக்கு டாக்டர் தீபாவிடம் உங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கு." ஒரு மருத்துவமனையின் பாட் நோயாளிக்குப் போன் செய்து இதைச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தைக் கொடுத்தால் பேசித் தரும் தமிழ்க் குரல்கள் கூகுளிடமும் மைக்ரோசாஃப்டிடமும் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்ற குரல்கள் இருக்கின்றன. இலங்கை, சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கும் தனித்தனிக் குரல்கள் உண்டு. இவற்றில் எதை எடுப்பது?

விளம்பர மாதிரியைக் கேட்டு முடிவு செய்வதுதான் வழக்கம். மாதிரியில் எல்லாக் குரலும் இனிமையாகத்தான் இருக்கும். வாக்கியத்தை எழுதியவரும் தேர்வாளராக உட்காரக் கூடாது. என்ன வரப்போகிறது என்று தெரிந்த காதுக்குக் குழறலும் தெளிவாகவே கேட்கும். வெவ்வேறு மாவட்டங்களைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர் போதும். அவர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் சிலராவது இருக்க வேண்டும். எல்லாரும் போனிலேயே கேட்கட்டும். சாதாரணத் தொலைபேசி இணைப்பு சுமார் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை வெட்டிவிடும். ஸ, ஷ போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை பெரிதும் அங்கேதான் இருக்கிறது. ஹெட்போனில் பளிச்சென்று கேட்ட குரல் போனில் மங்கிப்போவது இதனால்தான்.

தெளிவைச் சோதிக்க, கேட்டதை எழுதச் சொல்வதே நல்ல வழி. ஊகிக்க முடியாத வாக்கியங்களாகக் கொடுக்க வேண்டும். "அவர் வாளையைக் கழுவினார்", "அவர் வாழையைக் கழுவினார்" என்று கலந்து கொடுத்தால் ள, ழ பிரிகிறதா என்பது தெரியும். ஆனால் பேச்சில் ழகரத்தை ளகரமாகவே சொல்லிப் பழகியவர்கள் நம்மில் நிறையப் பேர். அதனால் அதே வாக்கியங்களை மனிதக் குரலிலும் பதிந்து இடையிடையே சேர்க்க வேண்டும். அதிலும் அதே தவறு வந்தால் குற்றம் இயந்திரத்துடையதல்ல.

வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அளப்பது தமிழுக்குப் பொருந்தாது. "வந்துகொண்டிருக்கிறீர்கள்" என்பது ஒரே சொல். நாளையும் நேரத்தையும் சரியாக எழுதிக்கொள்ள முடிந்ததா என்று பாருங்கள். முடியாவிட்டால் குரல் முழுவதையும் மெதுவாக்காமல், பெயருக்கும் நேரத்துக்கும் பின்னால் அரை நொடி இடைவெளி விடுங்கள். இழுத்து இழுத்துப் பேசும் குரலைக் கேட்டால் பலர் போனை வைத்துவிடுவார்கள்.

குரல்கள் அதிகம் தடுமாறுவது பெயர்களில். பாஸ்கரனும் பார்வதியும் ஒரே பகரத்தில் தொடங்குகிறார்கள், ஒலியோ வேறு. கணேசனும் கண்ணனும், தனபாலும் தமிழரசியும் அப்படியே. சொல்லின் முதலில் வரும் வல்லினத்தை வன்மையாகச் சொல்வது தமிழ் வழக்கம். அந்த வழக்கத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும் குரல், பாஸ்கரனைப் பார்வதியின் பகரத்தால் கூப்பிடும்.

இங்கே எழுதச் சொல்லும் சோதனை நம்மை ஏமாற்றிவிடும். குரல் எப்படிச் சொன்னாலும் கேட்டவர் தமிழில் "பாஸ்கரன்" என்றுதான் எழுதுவார். தவறு எழுத்தில் மறைந்துவிடும். ஆகவே கேட்ட பெயரை அதே மாதிரி வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லி, அதைப் பதிவு செய்ய வேண்டும். பெயர்ப் பட்டியலில் ஃபாத்திமா, அந்தோணி, ஜெபராஜ் எல்லாரும் இருக்கட்டும். "கு. கணேசன்" போன்ற இனிஷியல்களும் வேண்டும். அந்தப் புள்ளியை வாக்கிய முடிவென்று எண்ணி நடுவில் நின்றுவிடும் குரலும் உண்டு. முடிந்தால் அந்தந்தப் பெயருடையவர்களையே கேட்க வையுங்கள். இப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பீர்களா என்ற கேள்விக்கு அவர்களின் பதில்தான் கடைசித் தீர்ப்பு.

தவறிய பெயருக்கு ஒலிக்குறிப்பு கொடுத்துத் திருத்தலாம்:

```
<phoneme alphabet="ipa" ph="baːskaɾan">பாஸ்கரன்</phoneme>
```

எல்லாக் குரலும் இந்தக் குறிப்புக்குக் கட்டுப்படுவதில்லை. திருத்த முடியாத இனிய குரலைவிட, திருத்தினால் கேட்டுக்கொள்ளும் சுமாரான குரலையே நான் எடுப்பேன். இன்னொரு சிக்கல், வேற்றுமை உருபு. உச்சரிப்பு அகராதியில் "தீபா" என்று சேர்த்திருந்தாலும், வாக்கியத்தில் வருவது "தீபாவிடம்" என்பதால் அது பொருந்தாமல் போகலாம். குரல் பழைய தவறுக்கே திரும்பும். "உங்க டாக்டர், தீபா. நேரம், காலை பத்தரை" என்று பெயரைத் தனியே நிற்கவிட்டு வாக்கியத்தை மாற்றினால் இது தீரும்.

நிறுவனங்கள் குரலை அவ்வப்போது புதுப்பிக்கும்போது உச்சரிப்பும் மாறக்கூடும். அதே பெயர்ப் பட்டியலையும் பழைய பதிவுகளையும் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் மறுபடி போட்டுக் கேட்க வேண்டும்.