மலையேறும் மரத்துக்கு வளையும் கோடு

நேபாளத்தின் தேசிய மலர் லாலிகுராஸ். வசந்தம் வந்தால் மலைச்சரிவையே சிவக்க வைக்கும் ரோடோடென்ட்ரான் மரம் அது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தலைகாட்டத் தொடங்கும். மேலே போகப் போகப் பெருகும். 3,300 மீட்டரைத் தாண்டியதும் அருகி மறைந்துவிடும். இதே இனத்தின் உள்ளினம் ஒன்று நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளின் உயர்ந்த பகுதிகளிலும் பூக்கிறது.

இந்த மரத்துக்கும் உயரத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால், நேர்கோடு போட்டுப் பழகிய புள்ளியியல் தடுமாறிப்போகும். "உயரம் கூடக் கூட மரம் கூடும்" என்றால் பொய். "குறையும்" என்றாலும் பொய். அடிவாரத்தில் இல்லை, நடுவில் உண்டு, உச்சியில் இல்லை. ஏறி இறங்கும் இந்த உறவில் நேர்கோட்டைப் பொருத்தினால், ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, உயரத்துக்கும் மரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்ற விடைகூட வரலாம்.

அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கர் 1956-இல் கிரேட் ஸ்மோக்கி மலைத்தொடரின் தாவரங்களைப் பற்றி எழுதிய ஆய்வு, ஒவ்வோர் இனமும் தனக்கென ஒரு மேட்டுவளைவோடு மலையில் பரவியிருப்பதைக் காட்டியது. அதற்குப் பின் பலரும் கையில் எடுத்தது இருபடிச் சமன்பாடு. உயரத்தோடு உயரத்தின் வர்க்கத்தையும் சேர்த்தால் மணி வடிவம் கிடைத்துவிடும். ஆனால் அந்த மணி இரு பக்கமும் ஒரே சாய்வில்தான் இறங்கும். மலை அப்படி நடந்துகொள்வதில்லை. மேல்விளிம்பில் உறைபனியும் குறுகிய வளர்பருவமும் ஒரு மரத்தைச் சட்டென்று நிறுத்திவிடலாம். கீழ்விளிம்பிலோ மற்ற மரங்களின் போட்டியில் அது மெல்ல மெல்லப் பின்வாங்கலாம். அப்படிப்பட்ட சாய்ந்த வளைவின்மேல் சமச்சீரான மணியைக் கவிழ்த்தால், உச்சம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து நகர்ந்துவிடும்.

வளைவின் வடிவத்தை ஆய்வாளர் முன்கூட்டியே தீர்மானிக்காமல் தரவிடமே விட்டுவிடும் முறையை டிரெவர் ஹேஸ்டியும் ராபர்ட் டிப்ஷிரானியும் 1986-இல் முன்வைத்தார்கள். பொதுமைப்படுத்திய கூட்டல் மாதிரி என்பது அதன் பெயர், புழக்கத்தில் 'காம்'. தாவரச் சூழலியலுக்கு அதை 1991-இல் விரிவாக அறிமுகப்படுத்தியவர்கள் தாமஸ் யீயும் நீல் மிட்செலும். இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது, ஆர் மொழிக்காக சைமன் வுட் எழுதிய mgcv என்ற தொகுப்பு.

அதன் உள்ளே நடப்பது இதுதான். கப்பல் கட்டுவோர் மெல்லிய மரப்பட்டையை வளைத்து, புள்ளிகளை ஒட்டிக் கோடு இழுப்பார்கள். வளைக்க வளைக்கப் பட்டை எதிர்த்து நிற்கும்; அதனால் தேவையில்லாத நெளிவு வராது. காம் கணக்கிலும் அந்த எதிர்ப்பு உண்டு. வளைவு தரவை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு மதிப்பெண். எவ்வளவு நெளிகிறதோ அவ்வளவு அபராதம். அபராதத்தின் கடுமையையும் தரவைக் கொண்டே கணிக்கலாம். அதற்கு REML என்ற வழியைக் கேட்டு வாங்குவது நல்லது. mgcv தானாகத் தேர்வது வேறொரு வழி. அது சில சமயம் தேவைக்கு மேல் நெளிந்த கோட்டைக் கொடுத்துவிடும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். இதில் வரும் எண்கள் எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை அல்ல. நேபாளச் சரிவொன்றில் மேல்நோக்கிச் செல்லும் 12 தடங்கள். 1,000 மீட்டரிலிருந்து 3,500 வரை, 250 மீட்டருக்கு ஒன்றாக ஒவ்வொரு தடத்திலும் 11 சதுரங்கள். அதற்கு மேலே 3,750, 4,000 மீட்டர்களுக்கு நான்கு தடங்களில் மட்டுமே ஏற முடிந்தது. மொத்தம் 140 சதுரங்கள். லாலிகுராஸ் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0.

```r
m <- gam(pa ~ s(elev, k = 10) + s(transect, bs = "re"),
         family = binomial, method = "REML", data = d)
```

s(elev) என்பதுதான் வளையும் உறுப்பு. அதன் பக்கத்தில் transect என்று இருப்பதைத் தவிர்க்கவே கூடாது. ஒரே தடத்தில் உள்ள சதுரங்கள் ஒரே மண், ஒரே வெயில், ஒரே மேய்ச்சல் என்று ஒன்றையொன்று ஒத்திருக்கும். 140-ஐயும் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால், இல்லாத உறுதியை இருப்பதாகக் காட்டிவிடும்.

திரையில் வரும் சுருக்கத்தில் s(elev)-க்கு நேரே edf 3.9, கைவர்க்க மதிப்பு 31.6, p 0.001-க்கும் குறைவு என்று வருவதாக வைத்துக்கொள்வோம். பல கட்டுரைகள் இந்த மூன்றையும் ஓர் அட்டவணையில் போட்டுவிட்டு, "உயரம் குறிப்பிடத்தக்க தாக்கம் கொண்டது" என்று முடித்துக்கொள்கின்றன. இந்த மூன்று எண்களும் உண்மையில் சொல்வது மிகக் குறைவு. p சொல்வதெல்லாம் வளைவு தட்டையாக இருக்க வாய்ப்பில்லை என்பது மட்டுமே, அதுவும் தோராயமாக. ஏறுகிறதா, இறங்குகிறதா, உச்சம் எங்கே என்று அது வாய் திறப்பதில்லை. edf வளைவின் சிக்கலை அளக்கும் எண். 1 என்றால் நேர்கோடு. அதற்கு மேலே போகப் போக நெளிவு கூடுகிறது. 3.9 என்பதால் நான்கு மேடுகள் என்று பொருள் அல்ல. ஒற்றை மேட்டுக்கும் அந்த எண் வரலாம்.

edf-ஐத் தனியே விடாமல் k-உடன் சேர்த்துச் சொல்ல வேண்டும். k = 10 என்பது வளைவுக்குக் கொடுத்த இடத்தின் உச்சவரம்பு; ஒன்று கழிந்து 9. அந்த ஒன்பதில் 3.9 மட்டும் செலவானது என்றால் இடம் தாராளம். 8.7 என்று வந்திருந்தால் வளைவு கூரையில் தலை முட்டிக்கொண்டு நிற்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். gam.check கட்டளையில் p மதிப்பும் சிறிதாக வந்தால், k-ஐ 12 ஆக்கி மீண்டும் பொருத்திப் பார்ப்பதே வழி. வளைவு மாறாவிட்டால் முதலில் கிடைத்ததே போதும்.

அடுத்தது படம். வளையும் உறுப்பைக் காட்ட அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் plot(m) தரும் படத்தை அப்படியே அச்சிட்டால் வாசகர் ஏமாறுவார். அதன் செங்குத்து அச்சில் இருப்பது நிகழ்தகவு அல்ல, லாஜிட் அளவு. போதாக்குறைக்கு, வளைவின் சராசரி பூஜ்யம் ஆகும்படி நகர்த்தியும் வைத்திருக்கும். 2,480 மீட்டரில் கோடு 2.4-ஐத் தொடுகிறது என்றால் அதிலிருந்து என்ன தெரியும்? மாதிரியின் அடிப்படை எண்ணான -0.9-ஐச் சேர்த்தால் 1.5, அதை நிகழ்தகவாக மாற்றினால் 0.82. அதாவது, அந்த உயரத்தில் வழக்கமான ஒரு தடத்தின் சதுரத்தில் மரம் இருக்க நூற்றுக்கு 82 வாய்ப்பு. 3,600 மீட்டரில் கோடு -3 என்றால், கூட்டினால் -3.9, நிகழ்தகவு 0.02. படத்தில் அச்சிட வேண்டியது இந்த எண்கள்தாம்.

கோட்டைச் சுற்றி நிழல்பட்டை வேண்டும். 95 விழுக்காட்டுப் பட்டை என்றால், வளைவு முழுவதையும் சராசரியாக எடுத்துக்கொண்டு 95 என்று பொருள்; ஒவ்வொரு புள்ளியிலும் அதே உறுதி கிடைக்கும் என்று அல்ல. கீழ் அச்சில் ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு சிறு கீறல் போட்டால், 3,500-க்கு மேலே எட்டே எட்டுச் சதுரங்கள்தாம் என்பது வாசகரின் கண்ணிலேயே படும். அங்கே வளைவு லேசாக மேலே திரும்பினால் அது மலையின் குணமாக இருக்காது. தரவின் பஞ்சமாகவே இருக்கும்.

எல்லோரும் அறிய விரும்புவது உச்சம். வளைவின் மிக உயர்ந்த புள்ளியைக் கண்ணால் பார்த்து "2,480 மீட்டர்" என்று எழுதிவிடுவதுதான் பரவலான பிழை. அந்த எண்ணுக்கும் ஐயவரம்பு உண்டு. தரவுக்குப் பொருந்தக்கூடிய ஆயிரம் வளைவுகளை மாதிரியிலிருந்தே உருவாக்கி, ஒவ்வொன்றின் உச்சத்தையும் குறித்துக்கொண்டால் அது கிடைத்துவிடும்.

```r
nd <- data.frame(elev = 1000:4000, transect = d$transect[1])
X  <- predict(m, nd, type = "lpmatrix", exclude = "s(transect)")
b  <- rmvn(1000, coef(m), vcov(m, unconditional = TRUE))
peak <- nd$elev[apply(X %*% t(b), 2, which.max)]
quantile(peak, c(0.025, 0.975))
```

விடை 2,290 முதல் 2,690 வரை என்று வந்தால், உச்சம் இந்த 400 மீட்டருக்குள் எங்கோ இருக்கிறது என்பதே நேர்மையான கூற்று. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் அரை டிகிரி குறையும் மலையில், இது ஏறக்குறைய 2 டிகிரி அகலம். வரம்பின் ஒரு முனை 4,000-ஐயோ 1,000-ஐயோ தொட்டுவிட்டால், உச்சம் ஆய்வெல்லைக்கு வெளியே இருக்கலாம் என்று எழுத வேண்டும்.

சில வளைவுகளில் உச்சம் என்ற புள்ளியே இருப்பதில்லை. ஜான்-அர்வித் கிரிட்னெஸ், ஓலே வெட்டோஸ் ஆகியோர் 2002-இல் நேபாளத் தாவர இனங்களின் எண்ணிக்கையை உயரவாரியாக ஆராய்ந்தார்கள். 1,500 மீட்டர் வரை எண்ணிக்கை வேகமாக ஏறியது. 1,500-க்கும் 2,500-க்கும் இடையே பெரிய மாற்றமில்லை. அதற்கு மேலே இறங்கியது. இப்படி ஒரு மேசைநிலத்தில் ஒற்றை உச்சத்தைத் தேடினால், ஆயிரம் வளைவும் ஆயிரம் இடத்தைக் காட்டும். "1,500 முதல் 2,500 வரை ஏறத்தாழச் சமம்" என்பதே அங்கே சரியான முடிவு.

அதே ஆய்வு இன்னொன்றையும் எச்சரிக்கிறது. ஓர் இனம் 1,200-இலும் 2,800-இலும் பதிவாகியிருந்தால், இடையில் எல்லா உயரத்திலும் அது இருப்பதாக எடுத்துக்கொள்வது வழக்கம். இடைவெளிகளை நிரப்பும் இந்தப் பழக்கம் நடுப்பகுதிக்கு இனங்களைக் கூட்டும். விளிம்புகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் மேட்டின் ஒரு பகுதி கணக்கு முறையாலேயே எழுந்ததாக இருக்கலாம். எவ்வளவு நேர்த்தியான வளைவும் இதைத் திருத்தாது. தரவு எப்படித் திரட்டப்பட்டது என்று எழுதுவது ஒன்றே வழி.

அப்படியானால் நம் கற்பனைக் கணக்கின் முடிவை எப்படி எழுதலாம்? "லாலிகுராஸ் இருக்கும் வாய்ப்பு உயரத்தோடு நேர்கோட்டில் மாறவில்லை (edf 3.9, k 10, கைவர்க்கம் 31.6, p < 0.001). வாய்ப்பு 2,480 மீட்டரில் உச்சத்தை எட்டியது (95% வரம்பு 2,290–2,690). அங்கே நிகழ்தகவு 0.82 (0.66–0.91). 12 தடங்களுக்கிடையே உள்ள வேறுபாடு கணக்கில் சேர்க்கப்பட்டது. வளைவு REML வழியில் பொருத்தப்பட்டது. 3,500 மீட்டருக்கு மேல் 8 சதுரங்கள் மட்டுமே இருப்பதால் அப்பகுதியின் வடிவத்தை நம்பிப் பொருள் கொள்ள இயலாது." கூடவே ஒரு படம். இவ்வளவு போதும்.

வெப்பமயமாதலால் செடிகள் மலையேறுகின்றன என்ற செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. இருபது ஆண்டுகளில் ஓர் இனத்தின் உச்சம் 60 மீட்டர் மேலே போனது என்று படித்தால், அந்த 60-க்குப் பக்கத்தில் ஐயவரம்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இரண்டு காலத்து உச்சங்களும் ஒவ்வொன்றும் 400 மீட்டர் அகலத்தில் ஊசலாடுமானால், அந்த 60 மீட்டரை வைத்து மரம் நகர்ந்தது என்று சொல்ல முடியாது.