ஈரலா, சுவரொட்டியா? ரத்தம் ஊற எதை, எவ்வளவு சாப்பிடலாம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொள்ளாச்சி, ஈரோடு, கோவை என எந்த ஊர்க் கறிக்கடைக்குப் போனாலும், "ஏனுங்ணா, சுவரொட்டி இருக்குங்களா?" என்று யாராவது கேட்பார்கள். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும் என்பதால் முதல் நாளே சொல்லி வைப்பவர்களும் உண்டு. கிடைக்காவிட்டால் பலரும் ஈரலை வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். 'ரெண்டுமே ரத்தம் ஊறத்தானே' என்பது வீட்டுக் கணக்கு. ஆனால், உண்மையில் இரண்டும் ஒன்றல்ல.

வேலை வேறு, சத்தும் வேறு

சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். வயதான ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பது அதன் வேலை. அப்போது வெளிவரும் இரும்பில் ஒரு பகுதி அங்கேயே தங்குகிறது. அதனால்தான் 100 கிராம் சுவரொட்டியில் சுமார் 40 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. அத்தனையும் உடலில் சேர்ந்துவிடாது என்றாலும், இறைச்சி வகைகளில் இது மிக அதிகம். வைட்டமின் ஏ இதில் மிகக் குறைவு.

ஈரல் அப்படியல்ல. அது உடலின் வைட்டமின் ஏ கிடங்கு. 100 கிராம் ஆட்டு ஈரலில் இரும்பு 6 முதல் 7 மில்லிகிராம்தான். ஆனால், வைட்டமின் ஏ ஏறக்குறைய 7,000 மைக்ரோகிராம் இருக்கும்.

ஒரு தட்டு ஈரலின் கணக்கு

ஐ.சி.எம்.ஆர் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளுக்குத் தேவை 29 மில்லிகிராம் இரும்பு, 840 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ. வைட்டமின் ஏ-வுக்கு ஓர் உச்ச வரம்பும் உண்டு. ஈரல், மாத்திரை போன்றவற்றிலிருந்து தினமும் 3,000 மைக்ரோகிராமுக்கு மேல் தொடர்ந்து போகக் கூடாது.

ஒரு பெண் 50 கிராம் ஈரல் வறுவல் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலு நாளைக்குத் தேவையான வைட்டமின் ஏ அதிலேயே கிடைத்துவிடுகிறது. இரும்போ மூன்றரை மில்லிகிராமுக்குள்தான். 'ரத்தம் பத்தலை' என்று அவர் தினமும் 100 கிராம் ஈரல் சாப்பிட ஆரம்பித்தால், இரும்புத் தேவையில் கால் பங்குகூட நிறையாது. வைட்டமின் ஏ மட்டும் வரம்பைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது என்பதால், மிஞ்சியது சிறுநீரில் வெளியேறாமல் நம் ஈரலிலேயே சேரும். மாதக்கணக்கில் சேர்ந்தால் தலைவலி, தோல் வறட்சி, உதடு வெடிப்பு, முடி உதிர்வு, எலும்பு வலி என்று வெளியே தெரியும். முருங்கைக்கீரை, பப்பாளி விஷயத்தில் இந்தப் பயம் வேண்டாம். அவற்றில் இருக்கும் கரோட்டினை, உடல் தேவைக்கு ஏற்பத்தான் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை?

ஈரல் என்றால் வாரத்துக்கு ஒருமுறை, பெரியவர்களுக்கு 50 கிராம் அளவு போதும். சின்னக் குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு சிறு துண்டுகள் போதும். சுவரொட்டியில் வைட்டமின் ஏ பிரச்னை இல்லை. ஆனாலும் இரண்டிலும் கொலஸ்ட்ராலும், யூரிக் அமிலத்தைக் கூட்டும் பியூரினும் அதிகம். கவுட் எனப்படும் மூட்டு வாதம் உள்ளவர்கள் இரண்டையுமே தவிர்ப்பது நல்லது.

கர்ப்பிணிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முதல் மூன்று மாதங்களில் அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ, கருவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். அதனால்தான் பிரிட்டனின் பொது சுகாதார சேவை, கர்ப்பிணிகள் ஈரலையே தவிர்க்கச் சொல்கிறது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுப்பவர்களும் ஈரல் சாப்பிடுவது பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரைக்கு மாற்றா?

இல்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் ஒரு மாத்திரையில் மட்டும் 60 மில்லிகிராம் இரும்பு உண்டு. அதை நிறுத்திவிட்டு சுவரொட்டியை நம்பினால் ஹீமோகுளோபின் ஏறாமல் போகலாம். மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் அது நல்ல துணை.

சமைக்கும்போது ஒன்று முக்கியம். பச்சை உடம்புக்காரிக்கு நல்லது என்று சுவரொட்டியைத் தணலில் அரைகுறையாக வாட்டிக் கொடுப்பார்கள். உள்ளே கிருமிகள் உயிரோடு இருக்கலாம். வெட்டிப் பார்த்தால் நடுவில் சிவப்போ, ரத்தக் கசிவோ தெரியக் கூடாது. மிளகு, சின்ன வெங்காயம் சேர்த்து நல்லெண்ணெயில் முழுதாக வேகவிட்டாலும் இரும்பு எங்கும் போய்விடாது. எலுமிச்சைச் சாறு பிழிந்து சாப்பிடலாம். இரும்பு உடலில் சேர அது உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்!