ஓட்டு யாருக்கு, பணம் யாருடையது?

கூட்டுறவுச் சங்கம் பற்றி வகுப்பில் பேசப்போகும் மாணவர்கள், கொள்கைகளை வரிசையாக ஒப்பிப்பதைவிடக் கேள்வி கேட்டபடி பேசினால் நன்றாக இருக்கும். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர்களும் பிற தொழிலாளிகளுமாக 28 பேர் சேர்ந்து, மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி விற்கும் சின்னக் கடை ஒன்றைத் திறந்தார்கள். அங்கிருந்தே தொடங்கலாம். அதிகப் பங்கு வைத்திருந்தவருக்கு அந்தக் கடையில் எத்தனை ஓட்டு? ஒன்றுதான். கம்பெனியில் பங்குக்கு ஓட்டு, இங்கே ஆளுக்கு ஓட்டு.

லாபத்தை எதை வைத்துப் பிரித்தார்கள்? பங்குத்தொகைக்கு அளவான வட்டி மட்டும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அவரவர் கடையில் வாங்கிய சரக்கின் அளவுக்குப் பிரித்தார்கள். நம் ஊர்ப் பால் சங்கத்தை வைத்தே இதைக் கணக்குப் போட்டுக் காட்டலாம். ஒரு சங்கம் ஆண்டுக்கு 1 லட்சம் லிட்டர் பால் வாங்கி, உறுப்பினர்களுக்குப் பிரிக்க 50,000 ரூபாய் மிஞ்சியது என்று வையுங்கள். லிட்டருக்கு 50 பைசா வரும். 2,000 லிட்டர் ஊற்றியவருக்கு 1,000 ரூபாய். இங்கே பேசுவது பங்கல்ல, ஊற்றிய பால்.

அப்படியானால் சில சங்கங்கள் ஏன் சரிகின்றன? மும்பையின் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பரில் அதன்மேல் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. டெபாசிட் போட்டவர் முதலில் எடுக்க முடிந்தது 1,000 ரூபாய்தான். கொடுத்திருந்த கடனில் 70 சதவீதத்துக்கு மேல் ஒரே கட்டுமான நிறுவனக் குழுமத்திடம் சிக்கியிருந்தது. அது திரும்பாத கடன் என்பதை மறைக்க, 21,000க்கும் மேற்பட்ட பொய்க் கணக்குகள் எழுதப்பட்டிருந்தன.

ஆளுக்கு ஒரு ஓட்டு இருந்தும் இது எப்படி நடந்தது என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டும். நகரக் கூட்டுறவு வங்கிகளில் கடன் வாங்குபவர் பங்கு வாங்கி உறுப்பினர் ஆகவேண்டும். டெபாசிட் போடுபவர் ஆகவேண்டியதில்லை. ராச்டேலில் சாமான் வாங்கியவரும் ஓட்டுப் போட்டவரும் ஒருவரே. இத்தகைய வங்கியிலோ ஓட்டு கடன்காரர் கையில், ஆபத்து டெபாசிட்தாரர் தலையில். தணிக்கையும் கண்டுபிடிக்காத பொய்க் கணக்கை, பேரவைக் கூட்டத்துக்கே அழைக்கப்படாதவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? மோசடியைச் செய்தவர்கள் சிலர்தான். ஆனால் அதைத் தட்டிக்கேட்கும் அக்கறை உள்ளவர்களுக்கு உள்ளே இடமே இல்லாமல் போனதுதான் பெரிய ஓட்டை என்பேன்.

உங்கள் ஊர்ச் சங்கத்துக்கும் போய் இரண்டு விஷயம் விசாரியுங்கள். மிகப் பெரிய கடன்கள் யாரிடம் இருக்கின்றன? கடைசிப் பேரவைக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்?

அந்த மும்பை வங்கி 2022 ஜனவரியில் வேறொரு வங்கியுடன் இணைக்கப்பட்டது. 5 லட்சத்துக்கு மேல் போட்டிருந்தவர்களுக்கு, முழுப் பணமும் கைக்கு வர 10 ஆண்டு வரை ஆகும் என்று அந்தத் திட்டத்தில் எழுதியிருக்கிறது.