மூச்சையும் வெட்டிவிட்டேன்

என் ஒன்பதாம் வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள மாணவன் ஒருவன் இருக்கிறான். பாடங்களையும் துணை வாசிப்புப் பகுதிகளையும் குரலில் பதிந்து கொடுத்தால், அலைபேசியில் காதுக்கருவி மாட்டிக் கேட்டுக்கொள்வான். பிச்சாவரம் படகோட்டி ஒருவரைப் பற்றி நானே எழுதிய ஆறு நிமிடப் பகுதியை அப்படித்தான் சிதம்பரத்தில் என் வீட்டில் பதிந்தேன். விடியற்காலை ஐந்து மணி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து வாசித்தேன். கேட்டுப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் உதடு பிரியும் 'ப்ச்' சத்தம், நாக்கு ஒட்டி விடுபடும் 'டிக்' சத்தம், பெருமூச்சு.

கணினியில் ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். மூச்சு விழும் இடத்தைத் தேர்ந்தெடுத்து Silence Audio கொடுத்தால் அங்கே முழு அமைதி. அதற்கே பொறுமையில்லாமல், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள சத்தத்தைத் தானே அடக்கும் Noise Gate வசதியையும் போட்டேன். சுத்தமான பதிவு என்று பெருமையோடு கொடுத்தேன். மறுநாள் அவன் கேட்டது: "டீச்சர், நீங்க எங்க நிறுத்துறீங்கன்னே தெரியல. நடுவுல நடுவுல போன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன்."

அவனுக்கு முன்னால் அச்சிட்ட பக்கம் இல்லை. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் அவனுக்கு என் மூச்சில்தான் இருக்கின்றன. சிறிய மூச்சு வந்தால் வாக்கியம் தொடர்கிறது, நீண்ட மூச்சு வந்தால் பத்தி மாறுகிறது. அதை நான் எடுத்துவிட்டேன். 'போன் கட்' ஆனதற்குக் காரணம் வேறு. எவ்வளவு அமைதியான அறையிலும் மெல்லிய இரைச்சல் இருக்கும். Silence Audio அந்த இரைச்சலையும் சேர்த்துத் துடைத்துவிடுவதால், அந்த இடம் ஓட்டை விழுந்ததுபோல் கேட்கிறது.

கடலூர் முதுநகரில் உள்ள என் தோழி, அறிவியல் ஆசிரியை, இதற்கு முன் நிறையப் பதிவுகள் செய்தவர். ஒரு சனிக்கிழமை கோப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் முதலில் காட்டியது, Noise Gate என் தமிழை என்ன செய்திருந்தது என்பதை. 'காற்று அடங்கியது' என்ற வாக்கியத்தில் 'அடங்கியது' என்பதன் கடைசி உகரத்தைக் காணவில்லை. குற்றியலுகரத்துக்கு மாத்திரை அரை என்று வகுப்பில் சொல்கிறோம். திரையில் பார்த்தால், அது அலையாகக்கூட உயராமல் மெலிந்து மூச்சோடு கலந்துவிடுகிறது. கருவிக்கு அதுவும் மூச்சும் ஒன்றுதான். தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினையில் முடிவதால், 'வந்தது', 'இருந்தது' என்று முடியும் இடத்திலெல்லாம் இந்தக் கத்தி விழும். ஆகவே தானியங்கி வசதியை விட்டுவிட்டுக் கையால்தான் செய்யவேண்டும் என்று முடிவாயிற்று.

பழைய மூலப் பதிவை எடுத்து மீண்டும் தொடங்கினோம். நாங்கள் வேலை செய்த பகுதி இது: "காற்று அடங்கியது. படகை மெதுவாகத் திருப்பி, சுரபுன்னை வேர்களுக்கிடையே செலுத்தினார். 'தலையைக் குனிஞ்சுக்கோ' என்றார்."

'அடங்கியது' முடிந்ததும் ஏறத்தாழ அரை நொடி மூச்சு. அதை நீக்கவில்லை. உகரம் முழுவதும் அடங்கிய பிறகு தொடங்கி, 'படகை' என்பதற்குச் சற்று முன்பு வரை தேர்ந்தெடுத்து, Effect பட்டியலில் Amplify என்பதைத் திறந்து, Amplification (dB) கட்டத்தில் -8 என்று இட்டோம். 6 டெசிபெல் குறைத்தால் அலையின் உயரம் பாதியாகும், 12 குறைத்தால் கால்பங்காகும். என் குரலுக்கு 6 முதல் 10 வரை போதுமாக இருந்தது. மூச்சு இருக்கிறது, ஆனால் காதில் ஊதவில்லை. அதன் நீளமும் மாறவில்லை. Delete விசையை அழுத்தினால் மூச்சோடு இடைவெளியும் போய், இரண்டு வாக்கியங்கள் முட்டிக்கொள்ளும்.

'திருப்பி' என்பதற்குப் பின் வந்தது வேறு வகை. மூச்சு போதாமல் அவசரமாக 'ஹக்' என்று இழுத்திருக்கிறேன். இதை 12 குறைத்தும் பதற்றம் போகவில்லை, ஏனென்றால் சிக்கல் சத்தத்தின் அளவில் இல்லை, வேகத்தில் இருந்தது. அந்த வாக்கியத்தை மட்டும் மறுநாள் அதே நேரத்தில், அதே இடத்தில் உட்கார்ந்து மீண்டும் வாசித்துச் சேர்த்தேன். 'தலையைக் குனிஞ்சுக்கோ' என்பதற்கு முன் இருந்த மூச்சைத் தொடவேயில்லை. பேச்சு தொடங்கப்போகிறது என்று அதுதான் சொல்கிறது.

டிக் சத்தங்கள் சில மில்லிநொடிகளே நீளும். திரையைப் பெரிதாக்கினால் ஊசிபோல் நிற்கும். ஆனால் நம் வல்லினமும் அப்படித்தான் நிற்கும் என்பதை மறந்தால் கெட்டது. 'மெதுவாகத் திருப்பி' என்பதில் த் ஒலிக்காக நாக்கு பல்லில் ஒட்டியிருக்கும் நேரம் ஓர் அமைதி, பிறகு வெடிப்பு. என் பதிவில் அந்த அமைதிக்குள் கூடுதலாக ஒரு ஊசி இருந்தது. எது தகரம், எது எச்சில் சத்தம்? தகரத்தின் வெடிப்பு உடனே உயிரொலிக்குள் போய்விடும். எச்சில் சத்தத்துக்கு இருபுறமும் அமைதி இருக்கும். அந்த ஊசியை மட்டும் தேர்ந்தெடுத்து Amplify-யில் -20 கொடுத்தோம், மறைந்தது. இங்கும் வெட்டக்கூடாது. ஒற்று இரட்டிப்பது நம் காதுக்குத் தெரிவதே இந்த அமைதியின் நீளத்தால்தான். அதைக் குறைத்துக்கொண்டே போனால் 'பட்டம்' 'படம்' பக்கம் சாயும். சொல் பிழையாகக் கேட்கும், காரணம் தெரியாது.

உயிரொலியின் நடுவே டிக் விழுந்திருந்தால் அளவைக் குறைப்பது உதவாது, குரலில் பள்ளம் விழும். அதற்கு Repair இருக்கிறது. இருபுறமும் உள்ள அலையைப் பார்த்து நடுவை நிரப்பிக்கொள்ளும். ஒரு தடவைக்கு 128 மாதிரிகளுக்கு மேல் ஏற்காது. நொடிக்கு 44,100 மாதிரிகள் உள்ள பதிவில் அது ஏறக்குறைய 3 மில்லிநொடி. அதைவிட நீண்ட சத்தமென்றால் சொல்லையே மறுபடி பதிவதுதான் வழி. Click Removal என்ற பெயரைப் பார்த்து நான் ஆசைப்பட்டேன். அது பழைய இசைத்தட்டின் கீறல் சத்தத்துக்காக வந்தது, பேச்சில் போட்டால் வல்லினத்தின் கூர்மையையும் தின்றுவிடும் என்று தோழி தடுத்தார்.

இவ்வளவையும் திருத்திய பிறகுதான் பாதி வேலையை வாயிலேயே செய்திருக்கலாம் என்று புரிந்தது. வாய் உலர்ந்தால் எச்சில் பசையாகி, நாக்கு பிரியும்போதெல்லாம் டிக் என்கும். பதிவுக்கு முன் ஒரு மடக்கு குடித்தால் போதாது, ஒரு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் குடிக்கவேண்டும். அன்று காலை நான் குடித்திருந்தது பால் காபி. வாக்கியம் முடிந்ததும் உதட்டை மூடிக்கொள்வது என் பழக்கம். மீண்டும் திறக்கும்போதுதான் அந்த 'ப்ச்'. இப்போது இடைவெளியில் வாயைச் சற்றே திறந்தபடி வைத்து, அப்படியே மெல்ல மூச்சிழுக்கிறேன். ஒலிவாங்கியை ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வைக்கிறேன். இதற்குப் பின் ஆறு நிமிடப் பகுதியில் திருத்தவேண்டிய இடங்கள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வருவதில்லை.

திருத்தியதைக் காதுக்கருவியில் ஒருமுறை, மறுநாள் அலைபேசி ஒலிபெருக்கியில் ஒருமுறை கேட்கிறேன். திரையைப் பார்க்காமல் கேட்பது முக்கியம். பார்த்துக்கொண்டே கேட்டால், இல்லாத டிக்கெல்லாம் கேட்கிறது. மாணவன் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்பான் என்பதால் அந்த வேகத்திலும் ஓட்டிப் பார்க்கிறேன். மூச்சை அதிகம் அடக்கிய இடங்கள் அப்போது உடனே தெரியும், வாக்கியங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

புதிய கோப்பைக் கேட்டுவிட்டு, படகோட்டி பேசுவதற்கு முன்னால் நான் மூச்சு வாங்குவது பிடித்திருக்கிறது என்றான். கூடவே, 'வேர்களுக்கிடையே' என்ற இடத்தில் ஒரு டிக் விட்டிருப்பதையும் சொன்னான். திறந்து பார்த்தேன். இருந்தது.