கணக்கிலிருந்து நீக்கும் நாள்

மார்ச் மாதக் கடைசி வாரத்தில் சிறு நிறுவனங்களின் கணக்கறையில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். இனி வராது என்று தெரிந்துவிட்ட பாக்கிகளையும், ஓடாமல் மூலையில் கிடக்கும் இயந்திரங்களையும் பேரேட்டிலிருந்து எடுக்க இயக்குநர் குழு ஒரு தீர்மானம் போடும். பெரும்பாலும் அது நாலே வரிதான். ‘வாராக் கடன்களைத் தள்ளுபடி செய்யத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு மூடிவிடுவார்கள். யாருடைய கடன், எவ்வளவு, ஏன் என்பது அதில் இருக்காது. பணம் கைமாறிப் போனதை மறைக்க விரும்புகிறவருக்கு இதைவிட வசதியான தாள் கிடையாது.

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனியை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு வரம்பு ஏற்கெனவே உண்டு. 10,000 ரூபாய் வரையிலான பாக்கியைக் கணக்கு மேலாளரே நீக்கலாம். 50,000 வரை நிர்வாக இயக்குநர் நீக்கலாம். அதற்கு மேல் போனால் இயக்குநர் குழுதான் முடிவு செய்ய வேண்டும். இந்தத் தொகைகளைச் சட்டம் சொல்லவில்லை. கம்பெனி தன் அளவுக்குத் தக்கபடி முன்பே ஒரு தீர்மானத்தில் வைத்துக்கொண்டவை.

2026 மார்ச்சில் மூன்று பாக்கிகள் பட்டியலுக்கு வருகின்றன. ஈரோட்டு வியாபாரி ஒருவர் 1,84,300 ரூபாய் தர வேண்டும், கடையை மூடிவிட்டார். இன்னொருவர் 36,400. மூன்றாமவர் சரக்கில் குறை சொல்லிப் பிடித்துவைத்த மீதி 8,750. மொத்தம் 2,29,450.

ஈரோட்டுப் பாக்கி நான்கு பில்களாக நிற்கிறது: 46,000, 48,500, 44,800, 45,000. எல்லாம் 2022 ஜூன் முதல் அக்டோபர் வரை போட்டவை. ஒவ்வொரு பில்லும் 50,000-க்குள் அடங்கிவிடுகிறது. பில் பில்லாகப் பார்த்தால் நிர்வாக இயக்குநரே நான்கு தனித்தனிக் குறிப்புகளில் கையெழுத்திட்டு முடித்துவிடலாம். குழுவுக்குத் தெரியவே வேண்டாம். வரம்பு உடைவது இப்படித்தான். ஆகவே வரம்பை வகுக்கும்போதே ‘ஒரே நபரிடம் ஒரே நிதியாண்டில் நீக்கும் மொத்தத் தொகை’ என்று எழுதிவிட வேண்டும். அட்டவணையிலும் பில் வரிசை போதாது. நபர் வாரியாகக் கூட்டுத் தொகை வர வேண்டும்.

அட்டவணையில் காரணம் என்றொரு பத்தி இருக்கும். கணக்கர் அதில் ‘காலம் கடந்தது’ என்று எழுதியிருக்கிறார். விற்ற சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுகள்தான் அவகாசம். 45 நாள் தவணை கொடுத்திருந்தாலும், கடைசி பில்லுக்கு 2025 டிசம்பரோடு அது முடிந்துவிட்டது என்பது அவர் கணக்கு. ஆனால் கோப்பைப் புரட்டினால், ஆடிட்டருக்காக அனுப்பிய பாக்கி உறுதிக் கடிதம் ஒன்றில் அந்த வியாபாரி 2024 ஜனவரியில் கையெழுத்திட்டிருக்கிறார். அவகாசம் முடிவதற்குள் கடனாளி எழுத்தில் ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் ஓடத் தொடங்கும். ஆக, வழக்குப் போடும் உரிமை 2027 ஜனவரி வரை உயிரோடு இருக்கிறது. ‘கடைசியாக ஒப்புக்கொண்ட தேதி’ என்று ஒரு பத்தி அட்டவணையில் இருந்திருந்தால் இது கூட்டத்துக்கு முன்பே கண்ணில் பட்டிருக்கும். என்னைக் கேட்டால் தொகைப் பத்திக்கு அடுத்து முக்கியமானது இதுதான்.

கடை மூடிவிட்டதால் குழு இதைக் கணக்கிலிருந்து எடுக்கலாம், தவறில்லை. ஆனால் கணக்கிலிருந்து எடுப்பது வேறு, கடனை மன்னிப்பது வேறு. பேச்சில் இரண்டையுமே தள்ளுபடி என்று சொல்லிவிடுகிறோம். தீர்மானத்தில் அந்தக் குழப்பம் வரக்கூடாது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘அட்டவணை அ-வில் கண்ட மூன்று நபர்களிடமிருந்து வர வேண்டிய மொத்தம் ரூ. 2,29,450-ஐ வாராக் கடனாக 31.3.2026 அன்று கணக்கிலிருந்து நீக்கத் தீர்மானிக்கப்பட்டது. இதனால் அத்தொகையை வசூலிக்கும் கம்பெனியின் உரிமை எதுவும் விட்டுக்கொடுக்கப்படவில்லை. தலைவர் கையெழுத்திட்ட அட்டவணை அ இத்தீர்மானத்தின் பகுதியாகும்.’

8,750-ஐ மேலாளரும் 36,400-ஐ நிர்வாக இயக்குநரும் தாங்களே நீக்கியிருக்கலாம். ஆனாலும் மூன்றும் ஒரே தாளில் இருந்தால் பேரேட்டோடு ஒப்பிடுவது எளிது. தீர்மானத்தின் தொகை, அட்டவணையின் அடிக்கூட்டு, பேரேட்டில் போட்ட பதிவு மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலும் தவறுவது இங்கேதான். வரைவு எழுதியபின் ஒருவர் 5,000 கட்டியிருப்பார். அட்டவணை மாறும், தீர்மானத்தில் பழைய தொகையே நிற்கும்.

பேரேட்டுப் பதிவு என்று சொல்வதற்கு வருமான வரியிலும் காரணம் உண்டு. 1989 ஏப்ரலுக்கு முன் கடன் வாராது என்று நிரூபித்தால்தான் கழிவு கிடைக்கும். சட்டம் மாறியபின், கணக்கில் வாராக் கடன் என்று நீக்கியிருந்தாலே போதும் என்று 2010-இல் டி.ஆர்.எஃப். நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் ‘வராமல் போகலாம்’ என்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்தால் மட்டும் கழிவு கிடையாது. அந்த நபரின் கணக்கிலிருந்தே நீக்கியிருக்க வேண்டும். முன்பு அது வருமானமாகக் காட்டப்பட்ட தொகையாகவும் இருக்க வேண்டும். பில் போட்டபோது கட்டிய ஜி.எஸ்.டி. மட்டும் திரும்பி வராது.

அடுத்து இயந்திரம். 2009-இல் 6,20,000 ரூபாய்க்கு வாங்கிய லேத் ஒன்று அதே கம்பெனியில் கிடக்கிறது. பதினைந்து ஆண்டுத் தேய்மானம் போக, விலையில் ஐந்து சதவீதமான 31,000 மட்டுமே ஏட்டில் நிற்கிறது. இதை விற்க யார் அனுமதி தர வேண்டும்? விதியில் ‘50,000 வரை நிர்வாக இயக்குநர்’ என்று மட்டும் இருந்தால் எந்த 50,000? ஏட்டு மதிப்பைப் பிடித்தால் அவரே விற்கலாம். மூன்று பழைய இரும்பு வியாபாரிகளிடம் கொட்டேஷன் கேட்டபோது அதிகபட்சம் 85,000 வந்தது. இதே லேத்தைத் தெரிந்தவருக்கு 32,000-க்குக் கொடுத்திருந்தால் ஏட்டில் ஆயிரம் ரூபாய் லாபம் தெரியும். நஷ்டம் யார் கண்ணிலும் படாது. பழைய சொத்துகளில் ஏட்டு மதிப்பு தேய்மானம் போக மிஞ்சிய எண்தானே தவிர சந்தை விலை அல்ல. அதனால் சொத்துக்கான வரம்பை வாங்கிய விலையை வைத்தே வகுப்பது நல்லது. அப்படி வைத்தால் இந்த லேத் தானாகவே குழுவுக்குப் போகும்.

அட்டவணை ஆ-வில் சொத்துப் பதிவேட்டு எண், வாங்கிய ஆண்டு, விலை, ஏட்டு மதிப்பு, கிடைத்த மூன்று விலைகள், வாங்குபவர் இயக்குநர் யாருக்காவது உறவா என்பது எல்லாம் இருக்க வேண்டும். லேத் 85,000-க்கு விற்றால் 54,000 லாபமாகப் பதிவாகும். விற்பனைக்கு ஜி.எஸ்.டி. பில்லும் போட வேண்டும்.

கடனாளியே இயக்குநராக இருந்தால் விஷயம் வேறு. பொது நிறுவனத்தில் இயக்குநரின் கடனை மன்னிக்கவோ தவணை நீட்டவோ குழு மட்டும் தீர்மானித்தால் செல்லாது. பங்குதாரர் கூட்டத்தில் எதிர்ப்பு வாக்குகளைப்போல மூன்று மடங்காவது ஆதரவு விழும் சிறப்புத் தீர்மானம் தேவை. பிரைவேட் கம்பெனிகளுக்கு 2015-இல் இதிலிருந்து விலக்கு அளித்தார்கள். விலக்கு இருக்கட்டும், அத்தகைய கடனை மற்றவற்றோடு கலக்காமல் தனி அட்டவணையில் பெயரோடு வைப்பதே சரி. சம்பந்தப்பட்ட இயக்குநர் தன் தொடர்பைச் சொன்னார் என்பதும் மினிட்ஸில் ஏற வேண்டும். கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் பதிவு ஏறிவிட வேண்டும். அட்டவணைகளும் அதோடு இருக்க வேண்டும்.

நீக்கிய கடன்களுக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிற கணக்கர்களைப் பார்த்திருக்கிறேன். ஈரோட்டு வியாபாரி வேறு ஊரில் கடை போட்டு, அடுத்த ஆண்டு 40,000 அனுப்பினால், பேரேட்டில் அவர் பெயரே இராது. புதிதாக வந்தவர் அதைப் புதுச் சரக்குக்கான முன்பணம் என்று வரவு வைத்துவிடுவார். நோட்டும் அட்டவணை அ-வும் இருந்தால், அது வந்த ஆண்டில் வருமானமாகச் சேர வேண்டிய பணம் என்பதும், இன்னும் 1,44,300 பாக்கி என்பதும், வழக்குக்கு 2027 ஜனவரி வரை நாள் இருக்கிறது என்பதும் ஒரே பார்வையில் தெரியும்.