மதிப்பெண் பட்டியலுக்கு அருகில் வைத்து வாசிக்கப்படும் கடிதம்

"சிறு வயதிலிருந்தே எனக்குக் கணினி என்றால் உயிர்." ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களில் பலர், மோட்டிவேஷன் லெட்டரை இப்படித்தான் தொடங்குகிறார்கள். அந்த வரியில் பொய் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. கடிதத்தை வாசிப்பவர்கள் அந்தத் துறையில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள். அவர்களுடைய கேள்வி ஒன்றுதான்: இந்த மாணவர் எங்கள் வகுப்பில் தாக்குப்பிடிப்பாரா?

அந்தக் கேள்விக்கான பாதி விடை மதிப்பெண் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. இந்திய மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்ற, பவேரியச் சூத்திரம் என்றொரு கணக்கைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். பத்துக்கு 8.2 பெற்ற ஒருவரின் கல்லூரியில் தேர்ச்சிக்கான கீழ் எல்லை 5 என்றால், இந்தக் கணக்கின்படி அவருக்குக் கிடைப்பது 2.08. அங்கே 1 தான் மிகச் சிறந்த தரம், 4 தேர்ச்சியின் கடைசிப் படி. இந்தக் கணக்கை அவர்களே போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே, கடிதத்தில் மதிப்பெண்ணைத் திரும்பச் சொல்வது இடத்தை வீணாக்குவதாகும். பல பல்கலைக்கழகங்கள் ஒரு பக்கமோ இரண்டு பக்கமோதான் அனுமதிக்கின்றன. அந்த இடத்தை மதிப்பெண் பட்டியலில் இல்லாத விஷயத்துக்கே ஒதுக்க வேண்டும்.

அந்த விஷயம் எது என்பதை ஒரு கற்பனை மாணவியை வைத்துப் பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. கணினி அறிவியல் முடித்தவர். சார்ப்ரூக்கன் நகரிலுள்ள சார்லாந்து பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க நினைக்கிறார். முதல் வரைவில் ஜெர்மனியின் பொறியியல் பெருமை, கல்விக் கட்டணம் இல்லாத வசதி, தன்னுடைய விடாமுயற்சி ஆகியவற்றைப் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார். இறுதியாண்டு புராஜெக்ட் பற்றி இருப்பது ஒரே வரி: "எல்எல்விஎம் கம்பைலரைக் கொண்டு ஒரு கருவி உருவாக்கினேன், அது எனக்கு நல்ல அனுபவத்தைத் தந்தது."

கடிதத்துக்கான கரு அந்த வரிக்குள்தான் இருக்கிறது. என்ன கருவி, எதற்காக என்று கேட்டால் விவரம் வெளிவருகிறது. வாஷிங் மெஷின், கார் போன்றவற்றுக்குள் இருக்கும் சிறிய மைக்ரோகண்ட்ரோலர்களில் நினைவகம் மிகக் குறைவு. ஒரு புரோகிராமில் ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்க, அது மற்றொன்றை அழைக்க, ஸ்டாக் என்ற நினைவகப் பகுதி வளர்ந்துகொண்டே போகும். எல்லை தாண்டினால் பக்கத்திலுள்ள தரவின் மேல் எழுதிவிடும். புரோகிராமை ஓட்டாமலேயே, அதிகபட்சம் எவ்வளவு ஸ்டாக் தேவைப்படும் என்று கணக்கிடுவதுதான் அந்த மாணவியின் கருவி.

அது இரண்டு இடங்களில் தோற்றது. ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே அழைக்கும்போது, எத்தனை முறை அழைக்கும் என்று கருவியால் சொல்ல முடியவில்லை. ஃபங்ஷன் பாயிண்டர் வழியாக அழைப்பு போகும்போது, எந்த ஃபங்ஷன் அழைக்கப்படுகிறது என்றே தெரியவில்லை. இந்தத் தோல்வியை முதல் வரைவில் அவர் மறைத்துவிட்டார். ஆனால் வாசிக்கும் பேராசிரியரை நிமிர்ந்து உட்கார வைப்பது அதுதான். கருவி எங்கே நின்றது, ஏன் நின்றது என்று சொல்லத் தெரிந்தவர், அந்த வேலையைத் தானே செய்தவர் என்பது புலப்பட்டுவிடும்.

திருத்திய கடிதத்தில் அந்தப் பத்தி இப்படி வருகிறது: "ஃபங்ஷன் பாயிண்டர் உள்ள புரோகிராம்களில், பொருந்தக்கூடிய எல்லா ஃபங்ஷன்களும் அழைக்கப்படலாம் என்று வைத்துக் கணக்கிட்டேன். விடை பாதுகாப்பாக இருந்தது, ஆனால் பயன்படாத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அதைச் சுருக்க, பாயிண்டரில் என்னென்ன மதிப்புகள் வரக்கூடும் என்ற பகுப்பாய்வு தேவை. அதன் கோட்பாட்டை நான் முறையாகப் படித்ததில்லை."

கடைசி வாக்கியத்தைக் குறையாக நினைத்துப் பலர் வெட்டிவிடுவார்கள். ஆனால் முதுகலை எதற்கு என்ற கேள்விக்கு அந்தக் கடிதத்தில் இருக்கும் ஒரே நேர்மையான விடை அதுதான்.

ஏன் சார்ப்ரூக்கன் என்பதற்கும் இப்போது தானாகவே விடை கிடைக்கிறது. புரோகிராமை ஓட்டாமல் ஆராயும் துறையில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. ரைன்ஹார்ட் வில்ஹெல்மின் ஆய்வுக் குழுவிலிருந்து 1998இல் பிறந்த ஆப்சிண்ட் நிறுவனம் அந்த நகரில்தான் இருக்கிறது. ஸ்டாக் அளவைக் கணக்கிடும் ஸ்டாக்அனலைசர் என்ற மென்பொருளை அது விற்கிறது. மாணவி கல்லூரியில் முட்டி மோதிய அதே சிக்கலை, அந்த ஊரில் தொழிலாகவே செய்துவருகிறார்கள். "உலகத் தரம் வாய்ந்த கல்வி" என்ற சொற்றொடரை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் எழுதலாம். இந்தக் காரணத்தை வேறு ஊருக்கு மாற்றி எழுத முடியாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இணையத்தில் தேடியதும் கிடைக்கும் பெயரைப் பிடித்துக்கொண்டு, "பேராசிரியர் வில்ஹெல்மின் கீழ் பயில விரும்புகிறேன்" என்று எழுதிவிடத் தோன்றும். அவர் ஓய்வு பெற்றுவிட்டவர். முனைவர் பட்டத்துக்குப் போகிறவர் வழிகாட்டியைத் தேடிப் போகிறார். முதுகலை மாணவர் ஒரு பாடத்திட்டத்துக்குள் நுழைகிறார். அதனால் பேராசிரியர் பெயரைவிட, மாட்யூல் ஹேண்ட்புக் எனப்படும் பாட விவர நூலைத் திறந்து படிப்பது பலன் தரும். எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட், முன்னதாக என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். எல்லாப் பாடமும் எல்லா ஆண்டும் நடக்காது என்பதால், சமீபத்திய பருவங்களின் அட்டவணையையும் பார்த்துவிட வேண்டும்.

மொத்தம் 120 கிரெடிட், நான்கு பருவங்கள். சார்லாந்தில் இறுதி ஆய்வேட்டுக்கு மட்டும் 30 கிரெடிட் போகிறது. தன் கேள்விக்கு உதவும் இரண்டு மூன்று பாடங்களைச் சொல்லி, அவை ஆய்வேட்டில் எங்கே போய்ச் சேரும் என்று காட்டினால் போதும். பத்துப் பாடங்களை அடுக்கினால், பட்டியலைப் பார்த்து எழுதியது போலத் தோன்றும்.

அடுத்து வருவது, அந்தப் பாடங்களுக்குத் தேவையான அடித்தளம் தன்னிடம் இருப்பதைக் காட்டுவது. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் தானியங்கிக் கோட்பாடு, தர்க்கம், சிக்கல்தன்மை ஆகியவை அடங்கிய கோட்பாட்டுக் கணினியியலைக் கவனமாகப் பார்க்கின்றன. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தியரி ஆஃப் கம்ப்யூடேஷன், கம்பைலர் டிசைன், டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ் எல்லாம் உண்டு. பெயரை மட்டும் சொல்லாமல், "அழைப்பு வரைபடத்தில் சுழற்சிகளைக் கண்டுபிடிக்க டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸில் படித்த வரைபடக் கோட்பாட்டைப் பயன்படுத்தினேன்" என்று எழுதினால், பாடமும் புராஜெக்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.

கடிதத்தால் ஆகாத வேலையும் உண்டு. ஒரு பல்கலைக்கழகம் கணிதத்திலோ கோட்பாட்டிலோ குறைந்தபட்சக் கிரெடிட் கேட்கிறது, மாணவரிடம் அது இல்லை என்றால், எவ்வளவு அழகாக எழுதினாலும் விண்ணப்பம் முதல் கட்டத்திலேயே நின்றுவிடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சேர்க்கை விதிமுறையைத்தான். ஒரு பருவத்தில் மதிப்பெண் சரிந்திருந்தால் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கடிதத்தைத் தானே எழுதியதாக உறுதிமொழி கேட்கும் இடங்களும் உண்டு. கன்சல்டன்சிகள் தரும் ஆயத்த மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்கள் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

சேர்க்கை கிடைத்த பிறகு விசாவுக்காக மறுபடியும் ஒரு மோட்டிவேஷன் லெட்டர் எழுத வேண்டியிருக்கும். பழைய கடிதத்தையே நகலெடுத்து வைத்துவிடக் கூடாது. விசா அதிகாரி ஃபங்ஷன் பாயிண்டர் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பமாட்டார். ஏன் இந்தப் படிப்பு, செலவுக்கு என்ன ஏற்பாடு, முடித்த பின் என்ன திட்டம் என்பதை அவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரே மாணவி, ஒரே படிப்பு என்றாலும், வாசிப்பவர் வேறு என்பதால் அந்தக் கடிதத்தைப் புதிதாகவே எழுத வேண்டும்.