செல்லுக்குள் ஒரு சமையல் குறிப்புப் புத்தகம்

நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் பண்பு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1952-இல் வெளியிட்டார்கள். இந்த நோய் உள்ளவர்களின் சிவப்பணுக்கள், ஆக்சிஜன் குறையும்போது அரிவாளைப் போல வளைந்து நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். தாங்க முடியாத வலியும் ரத்தசோகையும் வரும். இத்தனைக்கும் காரணம் டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான். அந்த எழுத்தைப் பின்தொடர்ந்து போனால், செல் எப்படிப் புரதம் தயாரிக்கிறது என்பது முழுவதுமாக விளங்கிவிடும்.

டி.என்.ஏ.வை ஒரு பெரிய சமையல் குறிப்புப் புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். A, T, G, C என்ற நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட அது, உட்கரு என்ற அறையை விட்டு வெளியே வருவதில்லை. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபின் புரதத்துக்குரிய குறிப்பு அதன் 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் வளரும் இளம் சிவப்பணுக்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கின்றன. தோல் செல்லிலும் நரம்பு செல்லிலும் அதே புத்தகம் இருந்தாலும் அங்கே அந்தப் பக்கம் மூடியே கிடக்கிறது.

புத்தகம் வெளியே வராது என்பதால் குறிப்பைத் தாளில் நகலெடுக்க வேண்டும். அதுதான் படியெடுத்தல். ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் பிரித்து, அவற்றில் ஒன்றை மட்டும் அச்சாக வைத்துப் படிக்கிறது. அச்சு இழையில் C இருந்தால் நகலில் G, T இருந்தால் A, A இருந்தால் U என்று எழுதிக்கொண்டே போகிறது. ஆர்.என்.ஏ.வில் T கிடையாது; அதன் இடத்தில் வருவது U. ஆகவே அச்சு இழையில் உள்ள CTC, நகலில் GAG ஆகிறது.

முதல் நகல் சுமார் 1,600 எழுத்து நீளம். அதன் நடுவே சமையலுக்குத் தேவையற்ற இரண்டு பகுதிகள், அதாவது இன்ட்ரான்கள், உண்டு. அவற்றை வெட்டி நீக்கி மீதியை ஒட்டியபின் 600-க்குச் சற்று அதிகமான எழுத்துகளே எஞ்சுகின்றன. இந்தச் செம்மையான நகல்தான் தூது ஆர்.என்.ஏ. அது உட்கருவை விட்டுச் சைட்டோபிளாசத்துக்கு வருகிறது.

அங்கே காத்திருக்கும் சமையற்காரர் ரைபோசோம். இதன் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ரைபோசோம் குறிப்பை மும்மூன்று எழுத்தாகப் படிக்கும். அந்த மூன்றெழுத்துத் தொகுதியின் பெயர் கோடான். பீட்டா குளோபின் குறிப்பின் தொடக்கம் இது:

AUG GUG CAU CUG ACU CCU GAG

AUG என்பது தொடக்கக் கோடான். அது மெத்தியோனினைக் குறிக்கும். பிறகு வேலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளுட்டமிக் அமிலம் என்று வரிசையாக வருகின்றன. இந்த அமினோ அமிலங்களைச் சுமந்து வருவது கடத்து ஆர்.என்.ஏ. அதன் எதிர்க்கோடான் CUC என்றிருந்தால், அது GAG-உடன் மட்டுமே சரியாகப் பொருந்தித் தன் குளுட்டமிக் அமிலத்தை ஒப்படைக்கும். ரைபோசோம் அதை முந்தைய அமினோ அமிலத்துடன் பெப்டைடு பிணைப்பால் இணைத்துவிட்டு, அடுத்த கோடானுக்கு நகரும். UAA என்ற நிறுத்தக் கோடான் வந்ததும் சங்கிலி விடுபடும். இதுவே மொழிபெயர்த்தல். பின்னர் முதலில் வைத்த மெத்தியோனின் நீக்கப்பட்டு, 146 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி எஞ்சுகிறது. குறிப்பில் ஏழாவதாக இருந்த GAG, புரதத்தில் ஆறாம் இடத்தைப் பெறுவது இதனால்தான்.

அரிவாள் செல் நோயில் அந்த GAG, GUG ஆகிவிடுகிறது. ரைபோசோம் சுவை பார்ப்பதில்லை. எழுதியிருப்பதை அப்படியே செய்யும். குளுட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் அமர்கிறது. குளுட்டமிக் அமிலம் நீரை நாடும். வேலின் நீரை விலக்கும். அதனால் ஆக்சிஜனை விட்ட ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நார்களாகி, செல்லை வளைத்துவிடுகின்றன. இந்த ஓர் அமினோ அமில மாற்றத்தை 1957-இல் உறுதிசெய்தவர் வெர்னான் இங்ரம்.

எல்லா எழுத்துப் பிழைகளும் இப்படிக் கெடுதல் செய்வதில்லை. GAG, GAA ஆக மாறினாலும் கிடைப்பது குளுட்டமிக் அமிலம்தான். ஆனால் இதே மரபணுவில் 39-ஆம் அமினோ அமிலத்துக்கான CAG, UAG ஆகிவிட்டால் நிலைமை வேறு. அது நிறுத்தக் கோடான் என்பதால் சமையல் பாதியிலேயே நின்றுவிடும். பீட்டா தலசீமியாவுக்கு இது ஒரு காரணம்.

2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அரிவாள் செல் நோய்க்கு ஒரு மரபணுத் திருத்தச் சிகிச்சையை அனுமதித்தன. அது பிழையான எழுத்தைத் தொடுவதே இல்லை. கருவிலிருக்கும் குழந்தைக்கான ஹீமோகுளோபின் குறிப்பு, பிறந்தபின் மூடப்பட்டுவிடும். அந்தப் பக்கத்தை நோயாளியின் மஜ்ஜை செல்களில் மீண்டும் திறந்துவிடுவதே இந்தச் சிகிச்சை செய்யும் வேலை.